மூட்டைக்கு மூட்டை மாற்றினால் கணக்கு தவறும்

கேள்வி: எங்களுக்கு மன்னார்குடிப் பக்கம் 5 மா நஞ்சை. இந்தச் சம்பாவிலிருந்து நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அப்பா வழக்கமாக அடியுரமாக ஒன்றரை மூட்டை டிஏபி போடுவார். இந்த முறை கடையில் டிஏபி இல்லை. 20-20-0-13 காம்ப்ளக்ஸ் மூட்டை 1,300 ரூபாய்க்கு இருக்கிறது. அதையே ஒன்றரை மூட்டை போட்டால் போதும், கடைசியில் உள்ள 13 பொட்டாஷ், எனவே பொட்டாஷ் தனியாக வாங்க வேண்டாம் என்கிறார் பக்கத்து வயல்காரர். வேளாண் அலுவலகத்தில் ‘ஹெக்டேருக்கு 150:50:50’ என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். இதை எங்கள் வயலுக்கு மூட்டைக் கணக்கில் எப்படிப் பார்ப்பது?

– ஒரு வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்:

முதலில் அந்த 13-ஐ முடித்துவிடுவோம். அது பொட்டாஷ் இல்லை, கந்தகம். உர மூட்டையில் முதல் எண் தழைச்சத்து, இரண்டாவது மணிச்சத்து, மூன்றாவது சாம்பல்சத்து, அதாவது பொட்டாஷ். இந்த வரிசை எந்த நிறுவனத்தின் மூட்டையிலும் மாறாது. நான்காவதாக ஓர் எண் வந்தால் அது இந்த மூன்றுக்கும் வெளியே உள்ள சத்து. 20-20-0-13 மூட்டையில் மூன்றாவது இடத்தில் பூஜ்யம் நிற்கிறது. அதாவது அந்த மூட்டையில் சாம்பல்சத்து துளியும் இல்லை. அந்த 13-ஐ நம்பிப் பொட்டாஷை விட்டுவிட்டால், உங்கள் பயிர் அறுவடை வரை வெளியிலிருந்து ஒரு கிலோ சாம்பல்சத்துகூடக் காணாது.

உங்கள் அண்டை வயல்காரரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். உரக்கடைகளிலேயே இந்தத் தவறை அடிக்கடி கேட்கிறேன். 2022 அக்டோபருக்குப் பிறகு மானிய உரங்கள் எல்லாம் ‘பாரத்’ என்ற ஒரே பெயரில், ஒரே மாதிரி மூட்டையில் வருகின்றன. முன்பு மூட்டையின் நிறத்தையும் நிறுவனத்தின் படத்தையும் வைத்தே இது இன்ன உரம் என்று சொல்லிவிடுவார்கள். இப்போது 20-20-0-13, 10-26-26, 12-32-16 எல்லாமே தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே ‘பாரத் என்பிகே’தான். எண்ணைப் படிக்காமல் மூட்டையைத் தூக்கி வரக் கூடாது.

இனி அந்த எண்களுக்கு வருவோம். மூட்டையில் இருப்பவை விழுக்காடுகள். 20 என்றால் 100 கிலோ உரத்தில் 20 கிலோ சத்து. உங்கள் கையில் உள்ள தாளில் இருக்கும் 150:50:50 விழுக்காடு இல்லை. ஒரு ஹெக்டேருக்கு இத்தனை கிலோ சத்து வேண்டும் என்ற தேவை. இரண்டும் மூன்று எண்களாக, அதே வரிசையில் வருவதால் பலர் ஒன்றோடு ஒன்றைக் கலந்துவிடுகிறார்கள். ‘150 என்றால் 150 கிலோ யூரியாவா?’ என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. தாளில் இருப்பது வயல் கேட்கும் சத்து. மூட்டையில் இருப்பது அந்தச் சத்து எவ்வளவு அடர்த்தியாக அடைத்திருக்கிறது என்பது. வயல் கேட்கும் சத்தை மூட்டையின் விழுக்காட்டால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் வாங்க வேண்டிய உரத்தின் எடை வந்துவிடும்.

மூட்டையில் உள்ள சத்தின் எடையைக் காண, நிகர எடையை விழுக்காட்டால் பெருக்கி 100-ஆல் வகுக்க வேண்டும். டிஏபி 18-46-0, மூட்டை 50 கிலோ. எனவே ஒரு மூட்டையில் தழைச்சத்து 9 கிலோ, மணிச்சத்து 23 கிலோ. உங்கள் கடையில் உள்ள 20-20-0-13 மூட்டையும் 50 கிலோதான். அதில் தழைச்சத்து 10 கிலோ, மணிச்சத்து 10 கிலோ, கந்தகம் ஆறரைக் கிலோ. அப்பா போட்ட ஒன்றரை மூட்டை டிஏபி வயலுக்கு 34.5 கிலோ மணிச்சத்தைத் தந்தது. அதே ஒன்றரை மூட்டை காம்ப்ளக்ஸ் 15 கிலோதான் தரும். தழைச்சத்தில் ஏறத்தாழச் சமம், மணிச்சத்தில் பாதிகூட இல்லை. பொட்டாஷ் விஷயத்தில் பக்கத்து வயல்காரர் சொன்னது உண்மையாகவே இருந்தாலும்கூட, 75 கிலோவில் 13 விழுக்காடு என்பது பத்து கிலோவுக்கும் குறைவு. உங்கள் வயலுக்கு வேண்டியது அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல்.

‘மூட்டை’ என்பதை அளவாக எடுத்துக்கொள்ளும் பழக்கத்தைக் கைவிட வேண்டியதற்கு யூரியாவே நல்ல சான்று. 2018 வரை யூரியா மூட்டை 50 கிலோ. 46 விழுக்காட்டில் 23 கிலோ தழைச்சத்து. அதன்பின் 45 கிலோ ஆனது. இப்போது மூட்டைக்கு 20.7 கிலோ. கந்தகம் பூசிய யூரியா என்று இன்னொன்று வந்திருக்கிறது. அதில் தழைச்சத்து 37 விழுக்காடு, மூட்டை 40 கிலோ, ஆக 14.8 கிலோ. மூன்றையும் ஊரில் ‘ஒரு மூட்டை யூரியா’ என்றே சொல்வார்கள். அப்பா காலத்தில் இத்தனை மூட்டை போட்டோம் என்ற நினைவை வைத்து இன்று வாங்கினால் கணக்கு கைநழுவிவிடும்.

மூட்டையின் பின்பக்கத்தைப் பார்க்கும்போது ஒரு சிறு கவனம் வேண்டும். அங்கே சத்துகள் நான்கைந்து வரிகளில் பிரித்து அச்சிடப்பட்டிருக்கும். டிஏபியில், மொத்தத் தழைச்சத்து 18 என்று ஒரு வரி, அதில் அம்மோனியா வடிவில் குறைந்தது 15.5 என்று அடுத்த வரி. மணிச்சத்து 46, அதில் நீரில் கரைவது குறைந்தது 41. இந்த இரண்டாவது வரிகள் முதல் வரிக்குள் அடங்கியவை. அவற்றையும் சேர்த்துக் கூட்டி ‘மணிச்சத்து 87’ என்று வருகிறவர்கள் இருக்கிறார்கள். கணக்குக்கு மொத்தம் என்ற வரி மட்டும் போதும். நீரில் கரைவது எவ்வளவு என்பது பயிருக்கு அது எவ்வளவு விரைவாகக் கிடைக்கும் என்பதைச் சொல்கிறது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். மணிச்சத்து என்று மூட்டையில் போட்டிருப்பது பாஸ்பரஸ் தனிமத்தின் எடை இல்லை. P₂O₅ என்ற ஆக்சைடாக வைத்துச் சொல்லும் எடை. பொட்டாஷும் அப்படியே, K₂O. பழைய வேதியியல் வழக்கம் ஒன்று இன்றும் தொடர்கிறது, அவ்வளவுதான். ஒரு கிலோ P₂O₅ என்றால் உண்மையான பாஸ்பரஸ் 0.44 கிலோ, ஒரு கிலோ K₂O என்றால் பொட்டாசியம் 0.83 கிலோ. நீங்கள் இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. உங்களுக்குத் தந்த 150:50:50 என்ற பரிந்துரையும் அதே ஆக்சைடுக் கணக்கில்தான் இருக்கிறது. எனவே நேராக வகுக்கலாம். எங்காவது ஓர் ஆய்வறிக்கையில் வெறும் P, K என்று எழுதியிருந்தால் மட்டும், எந்தக் கணக்கு என்று ஆய்வகத்தில் கேட்டுவிட்டு மேலே போங்கள். தழைச்சத்துக்கும் கந்தகத்துக்கும் இந்தச் சிக்கல் இல்லை. அவை தனிமமாகவே குறிக்கப்படுகின்றன.

இப்போது உங்கள் 5 மாவை ஹெக்டேருக்குக் கொண்டுவருவோம். உங்கள் பகுதியில் ஒரு மா 33 சென்ட். 5 மா 165 சென்ட். ஒரு ஹெக்டேர் 247 சென்ட். 165-ஐ 247-ஆல் வகுத்தால் 0.67 ஹெக்டேர். இதைவிட எளிய வழி பட்டா. அதில் பரப்பு ஹெக்டேர், ஏர் என்றுதான் எழுதியிருக்கும். 0-67.00 என்று இருந்தால் 67 ஏர், நூறு ஏர் ஒரு ஹெக்டேர், எனவே 0.67. ஆனால் பட்டாவில் உள்ளது வரப்பும் களமும் சேர்ந்த பரப்பு. ஒரு மூலையில் களமோ, நாற்றங்காலுக்கு ஒதுக்கிய இடமோ இருந்தால் அதைக் கழித்துவிடுங்கள். வரப்புக்காகக் கழிக்க வேண்டிய அளவுக்கு இந்தக் கணக்கு நுணுக்கமானது இல்லை.

150, 50, 50 ஆகியவற்றை 0.67-ஆல் பெருக்கினால் உங்கள் வயலின் தேவை கிடைக்கிறது. தழைச்சத்து 100.5 கிலோ, மணிச்சத்து 33.5 கிலோ, சாம்பல்சத்து 33.5 கிலோ. இந்த மூன்று எண்களையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடையில் எந்த உரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இவை மாறப்போவதில்லை. அப்பாவின் ஒன்றரை மூட்டை டிஏபி 34.5 கிலோ மணிச்சத்து என்று பார்த்தோம். அவருடைய கை அளவு பரிந்துரையோடு எவ்வளவு நெருங்கி நிற்கிறது பாருங்கள்.

அடுத்தது எந்தச் சத்தில் தொடங்குவது என்பது. காம்ப்ளக்ஸ் உரத்தை எப்போதும் மணிச்சத்தை வைத்தே கணக்கிட வேண்டும். காரணம் எளிது. காம்ப்ளக்ஸில் தழைச்சத்தும் மணிச்சத்தும் பிரிக்க முடியாமல் சேர்ந்தே வருகின்றன. தழைச்சத்தில் குறைவதை யூரியாவால் எப்போது வேண்டுமானாலும் ஈடுகட்டலாம். மணிச்சத்து முழுவதும் அடியுரமாக ஒரே தடவையில் போக வேண்டியது. தழைச்சத்தை முதலில் எடுத்து, 100 கிலோவையும் 20-20-0-13-இலேயே அடைக்கப் பார்த்தால் 500 கிலோ, அதாவது 10 மூட்டை வாங்க நேரும். மணிச்சத்து தேவையைப்போல மூன்று மடங்கு போய்ச் சேரும். பணமும் மண்ணில் புதையும்.

எனவே மணிச்சத்து 33.5 கிலோவை 20-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். 167.5 கிலோ வருகிறது. மூன்று மூட்டையும் பதினேழரைக் கிலோவும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் மூன்று மூட்டையோடு நிறுத்திக்கொள்வேன். 150 கிலோவில் மணிச்சத்து 30 கிலோ வந்துவிடுகிறது. குறையும் மூன்றரைக் கிலோ பத்தில் ஒரு பங்கு. மண்வள அட்டையில் மணிச்சத்து ‘நடுத்தரம்’ அல்லது ‘அதிகம்’ என்று இருந்தால் இந்தக் குறையைப் பயிர் உணராது. ‘குறைவு’ என்று இருந்தால் அரை மூட்டை சூப்பர் பாஸ்பேட் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் 16 விழுக்காடு மணிச்சத்து. 25 கிலோவில் 4 கிலோ. குறை தீர்ந்தது.

மூன்று மூட்டை காம்ப்ளக்ஸோடு 30 கிலோ தழைச்சத்தும் வயலுக்குள் போய்விட்டது. இதைக் கழிக்க மறப்பதுதான் டெல்டாவில் நான் அதிகம் பார்க்கும் தவறு. காம்ப்ளக்ஸைத் தூவிவிட்டு, அதற்கு மேல் ‘அடியுர யூரியா’ என்று ஒரு மூட்டையும் போட்டுவிடுவார்கள். பயிர் கரும்பச்சையாக நெகுநெகுவென்று நிற்கும். பார்க்க அழகாக இருக்கும். பின்னாலேயே இலைச்சுருட்டுப் புழுவும் குலைநோயும் வரும். அறுவடைக்கு முந்தைய மழையில் பயிர் சாயும். நீங்கள் 100.5-இலிருந்து 30-ஐக் கழியுங்கள். மிச்சம் 70.5 கிலோ. யூரியாவில் 46 விழுக்காடு, 70.5-ஐ 0.46-ஆல் வகுத்தால் 153 கிலோ யூரியா. 45 கிலோ மூட்டையில் மூன்றும், கூட 18 கிலோவும்.

நெல்லுக்குத் தழைச்சத்தையும் சாம்பல்சத்தையும் நான்கு சம பங்காகப் பிரித்து, அடியுரமாகவும், தூர்கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம் ஆகிய மூன்றில் மேலுரமாகவும் இடச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. உங்கள் நான்கில் ஒரு பங்கு 25 கிலோ தழைச்சத்து. அடியுரத்தில் ஏற்கனவே 30 கிலோ போய்விட்டதால் அந்த நேரத்தில் யூரியா வேண்டாம். மிச்சமுள்ள 153 கிலோ யூரியாவை மூன்று தடவையாக, தடவைக்கு 51 கிலோ போடுங்கள். சுலபமாகச் சொன்னால் ஒவ்வொரு மேலுரத்துக்கும் ஒரு மூட்டையும் ஆறு கிலோவும். அந்த ஆறு கிலோவைத் தூர்கட்டும் பருவத்தில் இலை நிறத்தைப் பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். இலை வண்ண அட்டை கையில் இருந்தால் இன்னும் நல்லது.

சாம்பல்சத்து 33.5 கிலோவுக்கு மியூரியேட் ஆஃப் பொட்டாஷ், 60 விழுக்காடு. 33.5-ஐ 0.6-ஆல் வகுத்தால் 56 கிலோ. ஒரு மூட்டையும் ஆறு கிலோவும். நான்கு தடவைக்கு, தடவைக்கு 14 கிலோ. இதைத் தவிர்த்தால் உடனே ஒன்றும் தெரியாது. அதனால்தான் ‘போடாமலும் விளைந்ததே’ என்று சொல்ல முடிகிறது. தெரிய வரும்போது, முதிர்ந்த கீழ் இலைகளின் நுனியும் ஓரமும் மஞ்சளித்துப் பழுப்பாகக் கருகும். கதிரில் பதர் கூடும். தண்டு வலுவிழந்து சாயும். மணிச்சத்துக் குறைவு அதற்கு முன்பே, நட்ட மூன்று நான்கு வாரங்களில் காட்டிக் கொடுத்துவிடும். இலை வழக்கத்தைவிடக் கருத்த பச்சையாக, நிமிர்ந்து, குட்டையாக நிற்கும், தூர் வெடிக்காது. அந்தக் கரும்பச்சையைப் பார்த்துப் பயிர் நன்றாக இருக்கிறது என்று ஏமாறக் கூடாது. உயரத்தையும் தூர்களின் எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மண்வள அட்டை உங்களிடம் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் கணக்கைத் தொடங்கும் முன்பே அதை எடுங்கள். ஒரு சத்து ‘குறைவு’ என்றால் பொதுப் பரிந்துரையில் கால் பங்கு கூட்டுவதும், ‘அதிகம்’ என்றால் கால் பங்கு குறைப்பதும் வழக்கமான நடைமுறை. உங்கள் வயலில் மணிச்சத்து அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 33.5 கிலோ 25 கிலோவாகிவிடும். அப்போது காம்ப்ளக்ஸ் 125 கிலோ, இரண்டரை மூட்டை போதும். அதோடு வரும் தழைச்சத்தும் 25 கிலோ. அடியுரப் பங்குக்குச் சரியாக அமைகிறது. வருடா வருடம் டிஏபி போட்டு வந்த நிலம் என்பதால் இதற்கு வாய்ப்பு இருக்கிறது. மண் ஆய்வு செய்யாமல் ஊகத்தில் குறைக்க வேண்டாம்.

விலையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. 1,300 ரூபாய் என்று எழுதியிருப்பதால் சொல்கிறேன். மூட்டை விலையை ஒப்பிடாதீர்கள், சத்தின் கிலோ விலையை ஒப்பிடுங்கள். யூரியா மூட்டை சுமார் 267 ரூபாய், 20.7-ஆல் வகுத்தால் தழைச்சத்து கிலோ 13 ரூபாய். டிஏபி 1,350 ரூபாய் என்றால், அதில் உள்ள 9 கிலோ தழைச்சத்தின் மதிப்பு 117 ரூபாயைக் கழியுங்கள். மீதி 1,233 ரூபாய்க்கு 23 கிலோ மணிச்சத்து. கிலோ 54 ரூபாய்க்குள். உங்கள் காம்ப்ளக்ஸில் 10 கிலோ தழைச்சத்துக்கு 130 ரூபாய் கழித்தால் 1,170 ரூபாய்க்கு 10 கிலோ மணிச்சத்து. கிலோ 117 ரூபாய். கந்தகத்துக்கு ஏதாவது மதிப்புப் போட்டாலும் டிஏபியின் அருகில் வராது. ஐம்பது ரூபாய் குறைவு என்று தோன்றும் மூட்டை, உண்மையில் மணிச்சத்தை இரண்டு மடங்கு விலைக்கு விற்கிறது.

ஆகவே நடவுக்கு இன்னும் நாள் இருந்தால், உங்கள் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் டிஏபி வந்திருக்கிறதா என்று ஒரு முறை விசாரியுங்கள். கிடைத்தால் 73 கிலோ போதும், அப்பாவின் அதே ஒன்றரை மூட்டைதான். அதோடு 13 கிலோ தழைச்சத்துதான் வரும் என்பதால் அடியுரத்தில் 26 கிலோ யூரியாவும் சேர்க்க வேண்டும். டிஏபி கிடைக்கவே இல்லை என்றால் சூப்பர் பாஸ்பேட்டும் யூரியாவும் சேர்ந்த வழி இருக்கிறது. ஒரு மூட்டை சூப்பர் பாஸ்பேட்டில் 8 கிலோ மணிச்சத்து; நான்கு மூட்டையில் 32 கிலோ. தூக்கிச் சுமக்கும் கூலி கூடும். ஆனால் உங்கள் கடை விலையை 8-ஆல் வகுத்துப் பார்த்தால் காம்ப்ளக்ஸைவிட மலிவாக இருக்கும் வாய்ப்பு அதிகம். 11 விழுக்காடு கந்தகமும் அதிலேயே வந்துவிடும். அப்படிச் செய்தால் தழைச்சத்து முழுவதும் யூரியாவிலிருந்தே வர வேண்டும்: மொத்தம் 218 கிலோ, தடவைக்கு 54 கிலோவுக்குச் சற்று மேல். சூப்பர் பாஸ்பேட்டையும் யூரியாவையும் முதல் நாளே கலந்து வைத்துவிடாதீர்கள். ஈரம் கசிந்து பிசுபிசுவென்று கட்டிதட்டிவிடும், தூவ முடியாது. தூவுவதற்குச் சற்று முன் கலக்கலாம், அல்லது தனித்தனியாகத் தூவலாம்.

காம்ப்ளக்ஸ் வாங்குவது என்று முடிவு செய்தால் ஒரு எச்சரிக்கை. உங்கள் வயலில் ஏதாவது ஒரு பகுதி வடிகால் இல்லாமல் எப்போதும் தண்ணீர் கட்டிக் கிடந்து, மிதித்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிப்பதாக இருந்தால், அங்கே கந்தகம் கலந்த உரத்தைத் தவிர்க்கப் பாருங்கள். காற்றில்லாத சேற்றில் கந்தகம் சல்பைடாக மாறி வேரைக் கறுக்கச் செய்யும். நல்ல வடிகால் உள்ள நிலத்தில் இந்தப் பயம் வேண்டாம்; மூன்று மூட்டையில் வரும் 19.5 கிலோ கந்தகம் அங்கே நன்மையே செய்யும்.

கடையில் யூரியாவோடு சேர்த்து நானோ யூரியா பாட்டிலையும் கையில் திணிப்பார்கள். அதற்கும் இதே பெருக்கல்தான். 4 விழுக்காடு என்று வந்த 500 மில்லி பாட்டிலில் இருந்த தழைச்சத்து 20 கிராம். லேபிளில் எந்த விழுக்காடு இருந்தாலும் பாட்டிலில் இருப்பது கிராம் கணக்கு, மூட்டையில் இருப்பது கிலோ கணக்கு. இலைவழியாகத் தெளிப்பதால் பயன் கூடும் என்பது தனி வாதம். உங்கள் 70.5 கிலோவிலிருந்து ஒரு பாட்டிலுக்கு ஒரு மூட்டை என்று கழித்துவிடாதீர்கள் என்பதுதான் நான் சொல்வது.

வயலில் இறங்கும்போது கணக்கு மீண்டும் ஒருமுறை சறுக்கும் இடம் வாளி. தடவைக்கு 14 கிலோ பொட்டாஷ், 51 கிலோ யூரியா என்று நோட்டில் எழுதிவிட்டு, தூவும்போது ‘இரண்டு வாளி’ என்று அள்ளுவோம். பத்து லிட்டர் வாளி நிறைய யூரியா ஏறத்தாழ ஏழரைக் கிலோதான். அதே வாளியில் பொட்டாஷ் பத்து கிலோவைத் தாண்டும். ஆகவே உங்கள் வாளியில் ஒவ்வோர் உரத்தையும் ஒரு முறை தராசில் நிறுத்து, எந்த மட்டத்துக்கு எத்தனை கிலோ என்று வாளியின் உள்பக்கம் பெயிண்டால் கோடு போட்டு, உரத்தின் பெயரையும் எழுதிவிடுங்கள். 5 மாவும் ஒரே பங்காக இராது. வரப்பு வரப்பாகப் பிரிந்திருக்கும். ஒரு மா பாத்திக்கு 51-ஐ ஐந்தால் வகுத்து 10 கிலோ யூரியா என்று முதலிலேயே பிரித்து, அந்தந்த வரப்பில் கொண்டுபோய் வைத்துவிட்டுத் தூவ ஆரம்பித்தால், முதல் பாத்தியில் கை தாராளமாகப் போய்க் கடைசிப் பாத்திக்கு உரம் இல்லாமல் போகாது. மேலுரத்துக்கு முன் தண்ணீரை வடித்து, சேறு சேறாக இருக்கும்போது தூவி, ஒரு நாள் கழித்துத் தண்ணீர் கட்டுங்கள்.

கடையில் பில் வாங்கும்போது அதில் 20-20-0-13 என்று முழு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் ‘காம்ப்ளக்ஸ்’ என்று இருந்தால் எண்ணை எழுதச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு மண் ஆய்வு முடிவோடு ஒப்பிட்டுப் பார்க்க உங்களுக்கு வேண்டியது அந்த எண்தான்.